கியரைத் தாண்டிப் போன கார்பன்

உள்ளங்கையில் அடங்கும் ஒரு கியர். அதை 950 டிகிரி செல்சியஸ் உலையில் எட்டு மணி நேரம் வைத்திருந்தால் கார்பன் எவ்வளவு ஆழத்துக்கு உள்ளே போகும் என்பது கேள்வி. மாணவர் ஒரு பக்கம் கணக்குப் போட்டு, கடைசி வரியைச் சுற்றிக் கட்டம் கட்டுகிறார்: 1.31 மீட்டர். கட்டம் கட்டிய கையோடு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்.

அவருடைய சூத்திரம் சரி. அட்டவணையிலிருந்து எடுத்த எண்ணும் சரி. கால்குலேட்டரும் ஒழுங்காகத்தான் வேலை செய்தது. கேள்வித்தாளில் 148 கிலோஜூல் என்று இருந்ததை 148 என்று மட்டும் எழுதியதில் வந்த வினை இது. கியரின் விட்டமே பத்து சென்டிமீட்டர்தான் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் கணக்குக்குள் இறங்கிய பிறகு கியர் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது; எண்கள் மட்டும் மிஞ்சுகின்றன.

பொருளறிவியல், உலோகவியல் தேர்வுகளில் இந்த வகைத் தவறு ஏராளம். பாடம் புரியாமல் தவறுகிறவர்களைவிட, பாடம் புரிந்தும் அலகில் சறுக்குகிறவர்கள்தான் பரிதாபத்துக்குரியவர்கள். கேட் தேர்வில் எண்ணை நேரடியாகத் தட்டச்சு செய்யச் சொல்லும் கேள்விகள் உண்டு. நான்கு விடைகள் பக்கத்தில் இருந்தால் 1.31 மீட்டர் அவற்றில் இல்லை என்பதே ஓர் எச்சரிக்கையாகிவிடும். வெறும் கட்டம் எதையும் சொல்லாது. செய்முறைக்கு அரை மதிப்பெண் போடும் ஆசிரியரும் அங்கே இல்லை.

அந்தக் கியர் கணக்கையே முழுதாக எடுத்துக்கொள்ளலாம். வாகனக் கியரின் பல்லுக்கு மேற்பரப்பு கடினமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தேய்ந்துபோகும். உள்பகுதி கொஞ்சம் நெகிழ்வாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதிர்ச்சியில் உடையும். அதனால் கார்பன் குறைவான எஃகில் கியரைச் செய்து, கார்பன் தரும் வாயு நிறைந்த உலையில் வைக்கிறார்கள். கார்பன் அணுக்கள் மேற்பரப்பிலிருந்து மெல்ல உள்ளே விரவுகின்றன. கார்புரைசிங் என்று இதற்குப் பெயர். கார்பன் ஏறிய அடுக்கின் தடிமனைப் பட்டறையில் கேஸ் டெப்த் என்பார்கள். வாகனக் கியர்களில் அது பெரும்பாலும் அரை மில்லிமீட்டரிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் வரை இருக்கும். இந்த ஒரு தகவல் தெரிந்தவர் 1.31 மீட்டர் என்று எழுதிவிட்டு நிம்மதியாக உட்கார முடியாது.

கணக்கின் விவரம் இது. எஃகில் முதலில் 0.20 சதவீதம் கார்பன் இருக்கிறது. மேற்பரப்பில் உலைவாயு அதை 1.00 சதவீதமாக நிறுத்திவைக்கிறது. எட்டு மணி நேரம் கழித்து, எந்த ஆழத்தில் கார்பன் 0.40 சதவீதமாக இருக்கும்? கார்பனின் விரவல் கெழு D = D₀ exp(−Q/RT). இதில் D₀ என்பது 2.3 × 10⁻⁵ சதுர மீட்டர்/வினாடி. கிளர்வு ஆற்றல் Q மோலுக்கு 148 கிலோஜூல். வாயு மாறிலி R என்பது 8.314 ஜூல்/மோல்-கெல்வின். செறிவுக்கான சூத்திரம், பிக் விதியின் தீர்வாகப் பாடநூல்களில் வருவதுதான்:

(Cₓ − C₀)/(Cₛ − C₀) = 1 − erf(x / 2√(Dt))

அடால்ப் பிக் ஜெர்மானிய உடலியல் அறிஞர். உப்பு நீரில் பரவுவதைப் பார்த்து 1855-ல் இந்த விதியைச் சொன்னார். திண்ம உலோகத்துக்குள்ளும் அணுக்கள் இப்படி நகர்கின்றன என்பதைத் தங்கத்தையும் ஈயத்தையும் வைத்து 1896-ல் அளந்து காட்டியவர் ராபர்ட்ஸ்-ஆஸ்டன். உலையில் இருக்கும் நம் கியரின் எஃகு அப்போது ஆஸ்டெனைட் என்ற வடிவில் இருக்கும். அந்தப் பெயர் அவருடையதுதான்.

கால்குலேட்டரைத் தொடுமுன் ஒரு நிமிடம் செலவழித்து, விடை எந்தப் பக்கம் வரும் என்று பார்த்துவிடுவது நல்லது. 1,48,000-ஐ 8.3-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 18,000. வெப்பநிலை கெல்வினில் 1,223. கைக்கணக்குக்கு 1,200 போதும். 18,000-ஐ 1,200-ஆல் வகுத்தால் 15. ஆக வேண்டியது e⁻¹⁵. e-யின் அடுக்கைப் பத்தின் அடுக்காக மாற்ற 2.3-ஆல் வகுக்க வேண்டும்: 6.5. அதாவது 10⁻⁶·⁵, சுமார் 3 × 10⁻⁷. இதை D₀-வால் பெருக்கினால் D ஏறக்குறைய 7 × 10⁻¹². எட்டு மணி நேரம் என்பது சுமார் 30,000 வினாடி. இரண்டையும் பெருக்கினால் 2.1 × 10⁻⁷ சதுர மீட்டர்.

இதற்கு வர்க்கமூலம் எடுக்கும் இடத்தில் கவனம் வேண்டும். அடுக்கு ஒற்றைப்படை எண் என்பதால் அதை 21 × 10⁻⁸ என்று மாற்றி எழுதிக்கொள்ள வேண்டும். 21-க்கு வர்க்கமூலம் 4.6, 10⁻⁸-க்கு 10⁻⁴. விடை 4.6 × 10⁻⁴ மீட்டர், ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். √(Dt) என்ற இந்த நீளம்தான் கணக்கின் அளவுகோல். கேட்ட ஆழம் இதன் ஒன்றிரண்டு மடங்குக்குள் வந்தாக வேண்டும்.

இனி துல்லியமாக. Q/RT = 14.56. D = 1.10 × 10⁻¹¹ சதுர மீட்டர்/வினாடி. நேரம் 28,800 வினாடி. √(Dt) = 0.562 மில்லிமீட்டர். செறிவுப் பின்னம் 0.20/0.80, அதாவது 0.25. எனவே erf மதிப்பு 0.75, அட்டவணையில் அதற்கு நேரே 0.813. ஆழம் 2 × 0.813 × 0.562 = 0.91 மில்லிமீட்டர். கைக்கணக்கு சொன்ன இடத்தில்தான் விடை நிற்கிறது. வாகனக் கியரின் வழக்கமான கேஸ் டெப்த்துக்குள்ளும் அடங்குகிறது.

இதே கணக்கில் எங்கெங்கே வழுக்கலாம், வழுக்கினால் விடை என்ன ஆகும் என்று பார்த்தால் ஒரு சுவாரசியம் தெரியும். ஒவ்வொரு தவறுக்கும் ஒரு சொந்த முகம் இருக்கிறது.

கிலோஜூலை ஜூலாக மாற்றாமல் விட்டால் Q/RT வெறும் 0.0146 ஆகிவிடும். அடுக்குக்குறியின் மதிப்பு ஏறக்குறைய 1. D கிட்டத்தட்ட D₀-வாகவே நிற்கும், 2.27 × 10⁻⁵. காற்றில் கார்பன் டை ஆக்சைடு பரவும்போதுதான் விரவல் கெழு இந்த அளவில், அதாவது 10⁻⁵-ஐ ஒட்டி இருக்கும். சாதாரணத் திரவங்களில் அது 10⁻⁹ பக்கம். கெட்டியான எஃகுக்குள் கார்பன் காற்றில் திரிவதுபோலத் திரிகிறது என்று கணக்கு சொன்னால், அந்த இடத்திலேயே பேனாவை நிறுத்திவிட வேண்டும். ஆழம் 1.31 மீட்டர் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. Q/RT-யையே பார்த்தாலும் போதும். திண்மங்களில் விரவல் பற்றிய தேர்வுக் கணக்குகளில் அது பெரும்பாலும் பத்துக்கும் நாற்பதுக்கும் இடையில்தான் வரும். ஒன்றுக்குக் கீழே வந்தால் கிலோஜூலைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரான தவறு வாயு மாறிலியில் நடக்கும். பழைய புத்தகங்களில் ஆற்றலைக் கலோரியில் கொடுத்திருப்பார்கள். அங்கே R-இன் மதிப்பு 1.987. அந்தப் புத்தகத்தில் பழகிய கை, ஜூலில் கொடுத்த Q-வுக்குக் கீழேயும் 1.987 என்று எழுதிவிடும். Q/RT உடனே 61-க்குத் தாவும். கிடைக்கும் ஆழம் ஏறக்குறைய 8 × 10⁻¹⁴ மீட்டர். ஓர் அணுவின் விட்டமே 10⁻¹⁰ மீட்டர் அளவில் இருக்கிறது. எட்டு மணி நேரம் உலையில் வெந்தும் கார்பன் ஓர் அணு அகலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட நகரவில்லை என்று அர்த்தம்! உலை போட்ட டீசல் காசுகூட தேறாது.

இந்த இரண்டு தவறுகளையும் அலகுகளை எண்ணோடு சேர்த்து எழுதும் பழக்கமே பிடித்துவிடும். அடுக்குக்குறியில் ஏறும் அளவுக்கு அலகு இருக்கக் கூடாது. அது வெறும் எண்ணாக இருந்தே ஆக வேண்டும். மேலே கிலோஜூல், கீழே ஜூல் என்று எழுதிப் பார்த்தால் ஒன்றையொன்று வெட்ட முடியாமல் ‘கிலோ’ என்ற சொல் தனியாக நிற்கும். மேலே ஜூல், கீழே கலோரி என்றாலும் அப்படியே. எண்ணை மட்டும் எழுதி, கடைசி வரியில் அலகை ஒட்டவைக்கிறவருக்கு இந்த உதவி கிடைக்காது.

நேரத்தை மணியிலேயே விட்டுவிடுவது இன்னொரு வழக்கம். 28,800-க்குப் பதில் 8. ஆழம் 15 மைக்ரோமீட்டர் என்று வரும். ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. அலகோடு எழுதியிருந்தால் இதுவும் உடனே தெரிந்திருக்கும்: சதுர மீட்டர்/வினாடியை மணியால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் மீட்டர் கிடைக்காது. இதில் கவனிக்க வேண்டிய நுணுக்கம், தவறு எத்தனை மடங்கு என்பது. மணிக்கும் வினாடிக்கும் வித்தியாசம் 3,600 மடங்கு. ஆழம் நேரத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுவதால் விடையில் 60 மடங்குதான் பிசகும். கைக்கணக்குக்கும் இறுதி விடைக்கும் இடையே ஏறக்குறைய 60 மடங்கு இடைவெளி என்றால் முதலில் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும்.

D₀-வைச் சதுர சென்டிமீட்டரில் கொடுத்திருந்தால் அது 0.23 ஆக இருக்கும். மீட்டருக்கு மாற்ற நூறால் வகுத்துவிட்டு நகர்கிறவர் பலர். சதுரத்துக்குப் பத்தாயிரத்தால் வகுக்க வேண்டும். அந்த நூறு மடங்குப் பிழை விடையில் பத்து மடங்காகத் தெரியும்: 0.91-க்குப் பதில் 9.1 மில்லிமீட்டர். இது மேலோட்டமாகப் பார்த்தால் பயமுறுத்தாத எண், அதனால்தான் ஆபத்தானது. முதலில் போட்டுவைத்த அரை மில்லிமீட்டர் பக்கத்தில் இல்லையென்றால் தப்பிவிடும்.

கால்குலேட்டர் செய்யும் வேலைகளும் உண்டு. 148000 ÷ 8.314 × 1223 என்று அடைப்புக்குறி இல்லாமல் தட்டினால், வகுத்துவிட்டு மறுபடி பெருக்கிவிடும். அடுக்கு இரண்டு கோடிக்கு மேல் போகும். Exp அழுத்தியதும் திரையில் பூஜ்யம். பூஜ்யத்தைப் பார்த்தவர் பயந்து திரும்பிவருவார், பரவாயில்லை. கழித்தல் குறியை விட்டவர் நிலை வேறு. அவருக்கு D என்பது 48 சதுர மீட்டர்/வினாடி. கார்பன் எட்டு மணி நேரத்தில் கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர் நடந்திருக்கும்.

இவையெல்லாம் கூச்சல் போடும் தவறுகள். வெப்பநிலைத் தவறு கூச்சல் போடாது. 950 டிகிரி செல்சியஸை 1,223 கெல்வினாக மாற்றாமல் 950 என்றே போட்டால் Q/RT 18.7 ஆகிறது, பத்துக்கும் நாற்பதுக்கும் நடுவேதான் இருக்கிறது. D 1.7 × 10⁻¹³ என்று வருகிறது. திண்மத்துக்குப் பொருந்தாத எண் அல்ல. ஆழம் 0.11 மில்லிமீட்டர். அணுவைவிடச் சிறிது, கியரைவிடப் பெரிது என்றெல்லாம் இதைக் கேலி செய்ய முடியாது. எட்டு மடங்கு குறைவு, அவ்வளவுதான். இங்கே கைகொடுப்பது இரண்டே: எண்ணுக்குப் பக்கத்தில் கெல்வின் என்று எழுதும்போது ஒரு கணம் நிதானிப்பது; கார்புரைசிங் செய்த கியரில் எட்டு மணி நேரத்துக்கு 0.11 மில்லிமீட்டர் மிகக் குறைவு என்ற அனுபவ அறிவு. கூட்ட வேண்டியது 273-ஆ, 273.15-ஆ என்று சிலர் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். இந்தக் கணக்கின் விடையில் அதனால் பொருட்படுத்தத்தக்க மாற்றம் எதுவும் வராது.

அலகும் சரி, அளவும் ஏறக்குறைய சரி, ஆனாலும் விடை தவறு என்ற நிலையும் வரும். erf-க்குள் இருக்கும் 2-ஐ மறந்தால் ஆழம் 0.46 மில்லிமீட்டர். 2-க்கு அலகு கிடையாது. எனவே அலகுச் சோதனை அதைப் பார்க்காது. அரை மில்லிமீட்டர் என்ற கைக்கணக்கோ அந்தத் தவறான விடையைக் கட்டிப்பிடித்து வரவேற்கும்! இன்னொரு தவறு, 0.75-க்குப் பதில் 0.25-ஐ erf அட்டவணையில் தேடுவது. அப்போது 0.25 மில்லிமீட்டர் வரும். அதுவும் பார்வைக்கு நல்ல பிள்ளைதான்.

இவற்றைப் பிடிக்க, கணக்கின் பொருளுக்குள்ளேயே ஒரு வழி இருக்கிறது. ஆழம் சரியாக √(Dt) என்று வைத்துப் பார்த்தால் erf-க்குள் 0.5 வருகிறது. erf(0.5) என்பது 0.52. அந்த இடத்தில் கார்பன் 1.00 − 0.80 × 0.52, அதாவது 0.58 சதவீதம். மேற்பரப்பின் 1.00-க்கும் உள்ளே இருக்கும் 0.20-க்கும் நடுப்புள்ளி 0.60. ஆக √(Dt) ஆழத்தில் செறிவு கிட்டத்தட்ட நடுவில் இருக்கும். இந்த உண்மை கார்பனுக்கோ எஃகுக்கோ மட்டும் உரியதல்ல. மேற்பரப்புச் செறிவு மாறாமல் நிற்கும் இந்த வகைக் கணக்கு எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

இனி கேள்வியைத் திரும்பப் பார்க்க வேண்டும். கேட்டது 0.40 சதவீதம் உள்ள இடம். அது நடுப்புள்ளியைவிடக் குறைந்த செறிவு. உள்ளே போகப்போகக் கார்பன் குறைகிறது என்பதால், அந்த இடம் 0.56 மில்லிமீட்டரைவிட ஆழத்தில்தான் இருக்க முடியும். 0.46-ம் 0.25-ம் ஒரே வீச்சில் விழுந்துவிடுகின்றன. 0.91 நிற்கிறது. பத்து வினாடிகூட ஆகாத சோதனை இது. பயிற்சி வகுப்புகளில் ஏனோ அதிகம் சொல்லித் தருவதில்லை.

தோராயத்தை நம்புகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். எந்த அணு விரவுகிறது என்பதைப் பொறுத்து எதிர்பார்ப்பே மாறும். கார்பன் சிறிய அணு. இரும்பு அணுக்களின் இடுக்குகளில் புகுந்து நகர்கிறது. அதே வெப்பநிலையில் இரும்பு அணுவோ நிக்கல் அணுவோ இடம்பெயர வேண்டுமானால் பக்கத்தில் ஓர் அணு காலியாக இருக்க வேண்டும். அந்த வேகம் கார்பனுடையதைவிட லட்சம் மடங்குக்கும் மேல் குறைவு. கார்பன் கணக்கில் பழகிய கண்ணோடு நிக்கல் கணக்கைப் பார்த்து, சரியான விடையை அடித்துவிட்டுத் தவறானதை எழுதிய மாணவர்களும் உண்டு.

இதே பாடத்திலிருந்து திருப்பிப் போட்டும் கேட்பார்கள். இரண்டு வெப்பநிலைகளில் D-யைக் கொடுத்து, Q என்ன என்பார்கள். 900 டிகிரி செல்சியஸில் 5.9 × 10⁻¹², 1,000 டிகிரியில் 1.94 × 10⁻¹¹ என்று வைத்துக்கொள்வோம். ln எடுக்க வேண்டிய இடத்தில் கால்குலேட்டரின் log பொத்தானை அழுத்தினால், 148-க்குப் பதில் ஏறக்குறைய 64 கிலோஜூல் கிடைக்கும். அலகில் குற்றமில்லை. 64 என்பதும் கேலிக்குரிய எண் அல்ல. இரும்பின் இன்னொரு வடிவமான பெரைட்டில் கார்பனின் கிளர்வு ஆற்றல் 80 பக்கம்தான்.

இங்கே விடையைக் கேள்விக்குள் திருப்பி அனுப்பிப் பார்ப்பது ஒன்றே வழி. கொடுத்த தரவின்படி நூறு டிகிரி ஏறும்போது D 3.3 மடங்காகிறது. Q 64 கிலோஜூலாக இருந்தால் அதே நூறு டிகிரிக்கு D 1.7 மடங்கு மட்டுமே கூடியிருக்கும். தரவோடு ஒத்துப்போகவில்லை. 64-ஐ 2.303-ஆல் பெருக்கினால் 148 வந்து நிற்கிறது, 2.303 என்ற எண் எங்கே எட்டிப்பார்த்தாலும் ln-க்கும் log-க்கும் நடுவில் யாரோ பொத்தானை மாற்றி அழுத்தியிருக்கிறார் என்று பொருள்.